பித்தக்குழாயில் கல், கூடவே குளிர்காய்ச்சல்: இஆர்சிபி வரை ஒவ்வொரு படியாக

இஆர்சிபி அறைக் கதவைத் திறந்து வெளியே வந்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சிஸ்டர், கல் வந்துருச்சா?" வாய் வழியாக எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே பித்தக்குழாய் அடைப்பைச் சரிசெய்யும் சிகிச்சைதான் இஆர்சிபி. பத்து வருடத்துக்கு மேல் இந்த அறையில் செவிலியராக இருக்கிறேன். "இல்லம்மா, கல் உள்ளேதான் இருக்கு. ஆனா வேலை நல்லபடியா முடிஞ்சுது" என்று பல முறை பதில் சொல்லியிருக்கிறேன். கேட்பவர் முகம் அப்படியே விழுந்துவிடும். கல்லை எடுக்கத்தானே உள்ளே போனார்கள், எடுக்காமல் எப்படி வேலை முடிந்தது?

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். புரிவதற்கு வசதியாக, பலரிடம் பார்த்ததைச் சேர்த்து 62 வயது அம்மா ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் குழாய் எங்கே இருக்கிறது

கல்லீரல் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது பொதுப் பித்தக்குழாய் வழியாக இறங்கி, இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலில் போய்ச் சேர்கிறது. பித்தப்பை இந்தக் குழாயின் பக்கத்தில் தொங்கும் ஒரு சேமிப்புப் பைதான். குழாய் குடலுக்குள் திறக்கும் இடத்தில் சிறு மொட்டு போல ஒரு புடைப்பு இருக்கும். அதற்குள் வளையமாக ஒரு தசை உண்டு. கணையத்திலிருந்து வரும் குழாயும் அநேகமாக அதே வாசலில்தான் திறக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கல் பெரும்பாலும் பித்தப்பையில்தான் உண்டாகிறது. அங்கேயே கிடக்கும்வரை பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அது நழுவிப் பொதுக்குழாய்க்குள் விழுந்தால் கதை வேறு. குழாயின் அகலம் சாதாரணமாக 6 மி.மீ. அளவுதான், அதன் கடைசி வாசல் அதைவிடக் குறுகல். அங்கே கல் அடைத்ததும் பித்தநீர் பின்னால் தேங்குகிறது. ஓடும் பித்தநீரில் கிருமி தங்காது, தேங்கினால் குடலிலிருந்து ஏறிவரும் கிருமிகள் பெருகும். அழுத்தம் கூடக்கூட, கிருமி கலந்த பித்தநீர் கல்லீரல் வழியாக நேரே ரத்தத்துக்குள் தள்ளப்படும். உடம்பு தூக்கிப்போடும் குளிர்நடுக்கம் வருவது அந்த நேரத்தில்தான்.

அடைப்பு, அதற்குப் பின்னால் அழுத்தம், அதனால் ரத்தத்தில் கிருமி. இந்த வரிசை புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வீட்டிலேயே எதைக் கவனிப்பது

நம் அம்மாவுக்கு மூன்று நாளாக மேல்வயிற்றில், வலது விலா எலும்புக்குக் கீழே வலி. முதுகுப் பக்கமும் பரவியது. வாயுத்தொல்லை என்று மாத்திரை போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போனது. மூன்றாம் நாள் இரவு, இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம். காலையில் மகள்தான் கண்ணைப் பார்த்து "மஞ்சளா இருக்கேம்மா" என்றார்.

வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை மூன்றும் சேர்ந்து வருவதைப் பித்தக்குழாய்த் தொற்றின் அடையாளமாக பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877லேயே எழுதி வைத்துவிட்டார். மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். சிக்கல் என்னவென்றால், எல்லோருக்கும் மூன்றும் வருவதில்லை. வயதானவர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம். சாப்பிடாமல் சுருண்டு படுத்திருப்பார், கேட்டால் ஏதோ சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், அவ்வளவுதான் தெரியும். பேச்சில் குழப்பமும் ரத்த அழுத்தம் இறங்குவதும் சேர்ந்துகொண்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

மஞ்சள் காமாலை என்றாலே வைரஸ்தான் என்று முடிவு கட்டி, பத்தியம் இருந்து நாட்களைக் கடத்துவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. காமாலையோடு குளிர்நடுக்கம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை, அதுவும் இஆர்சிபி செய்யும் வசதி உள்ள இடம். வேறு இடத்தில் சேர்த்துவிட்டு மாற்ற வேண்டியிருந்தால் அதில் ஒரு நாள் போய்விடும்.

சேர்த்த முதல் சில மணி நேரம்

அம்மாவின் காய்ச்சல் 39.2 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 100/60. ரத்த வெள்ளையணுக்கள் 17,400. காமாலையில் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் 6.2, அதில் 4.8 கல்லீரல் பக்குவப்படுத்திய நேரடி வகை. அதாவது கல்லீரல் தன் வேலையைச் செய்துவிட்டது, வெளியே போக வழிதான் இல்லை. ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் எகிறியிருந்தது. இதுவும் அடைப்பைத்தான் காட்டும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கற்கள், பொதுக்குழாய் 15 மி.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கிறது, ஆனால் குழாய்க்குள் கல் தெரியவில்லை என்று வந்தது. இந்த வரியைப் படித்துவிட்டு "குழாய்ல கல் இல்லையாமே" என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாயின் கீழ்ப்பகுதிக்கு முன்னால் குடலில் காற்று இருக்கும், அது அல்ட்ராசவுண்டை மறைத்துவிடும். குழாய் விரிந்திருப்பதே அடைப்புக்குச் சாட்சி. சந்தேகம் பாதிக்குப் பாதி என்றிருந்தால் எம்ஆர்ஐ முறையில் பித்தக்குழாயைப் படமெடுக்கும் எம்ஆர்சிபி ஸ்கேனோ, எண்டோஸ்கோப் முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய இயூஎஸ் சோதனையோ செய்து உறுதிப்படுத்துவார்கள். தொற்று வெளிப்படையாகத் தெரியும் இவரைப் போன்றவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை, நேரே இஆர்சிபிக்குப் போகலாம்.

அதற்குள் செய்ய வேண்டியவை வேகமாக நடக்கும். ரத்தத்தைக் கல்ச்சர் சோதனைக்கு எடுத்துவிட்டு உடனே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக், கூடவே சலைன். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் இவருக்கு 1.6 இருந்தது. பித்தநீர் குடலுக்குப் போகாததால் வைட்டமின் கே உடம்பில் சேரவில்லை, அதனால் வைட்டமின் கே ஊசி போடப்பட்டது.

ஆன்டிபயாடிக் போட்டதும் சிலருக்குக் காய்ச்சல் இறங்கிவிடும். "அப்போ இஆர்சிபி வேணாமே" என்று தோன்றும். அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. அழுத்தம் கூடியிருக்கும் குழாய்க்குள் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே மருந்து தெளிப்பது போலத்தான். கொஞ்சம் நேரம் கிடைக்கும், தீர்வு கிடைக்காது.

எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. ரத்த அழுத்தம் மருந்தால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவருக்கு 12 மணி நேரத்துக்குள், உடம்பைக் கொஞ்சம் நிலைப்படுத்திய கையோடு. மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு 48 மணி நேரத்துக்குள். அம்மாவுக்கு வெள்ளையணு, காய்ச்சல், பிலிருபின் மூன்றும் அதிகம், ஆனால் சலைன் ஏற்றியதும் ரத்த அழுத்தம் 120க்கு வந்துவிட்டது. நடுத்தரத் தீவிரம். மறுநாள் காலை என்று முடிவானது.

உள்ளே போகும் முன் நீங்கள் சொல்ல வேண்டியவை

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைச் சீட்டோடு கொண்டுவாருங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள்தான் இதில் முதல் இடம். அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்ததால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிட்டு வந்தார். முதல் நாள் இதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். இரவு நான் திரும்பவும் கேட்டபோதுதான் மகள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். அந்த ஒரு அட்டை மறுநாள் சிகிச்சையையே மாற்றியது.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின், முன்பு ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை, கர்ப்பம், இவற்றையும் சொல்ல வேண்டும். வயிற்றில் முன்பு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் அவசியம் சொல்லுங்கள். இரைப்பையைச் சுருக்கிக் குடலை மாற்றி இணைத்தவர்களுக்கு வழக்கமான பாதையில் எண்டோஸ்கோப் போகவே போகாது.

சாப்பாட்டை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கட்டிய பல்செட்டைக் கழற்றிவிடுங்கள்.

அறைக்குள் நடப்பது

நோயாளியைக் குப்புறவோ இடது பக்கமாகச் சாய்த்தோ படுக்க வைத்து, நரம்பு வழியாகத் தூக்க மருந்து கொடுப்பார்கள். உடல்நிலை மோசமாக இருப்பவருக்கு முழு மயக்கமும், மூச்சுவிட உதவத் தொண்டை வழியாக ஒரு குழலும் தேவைப்படலாம். சாதாரண எண்டோஸ்கோப்பில் கேமரா நேரே பார்க்கும், இதில் பக்கவாட்டில் பார்க்கும். வாசல் குடலின் சுவரில் பக்கத்தில் இருப்பதால் இந்த ஏற்பாடு. தலைக்கு மேலே எக்ஸ்ரே கருவி, குழாய்க்குள் நடப்பதை அதில்தான் பார்ப்பார்கள்.

அம்மாவின் குடலுக்குள் போனதும் அந்த மொட்டு வீங்கிப் பளபளவென்று புடைத்து நின்றது. பென்சில் முனையைவிட மெல்லிய குழல் ஒன்றை அதன் வாசலில் வைத்து, அதற்குள்ளிருந்து ஒரு மெல்லிய கம்பியை டாக்டர் மெதுவாகத் தள்ளினார். இந்த இடம்தான் இஆர்சிபியிலேயே கடினம். இரண்டு குழாய்களுக்கும் வாசல் ஒன்று என்று சொன்னேன் அல்லவா, கம்பி கணையப் பக்கம் போய்விடும். அங்கே திரும்பத் திரும்பக் குத்தினால் கணையம் வீங்கும். அன்று மூன்றாவது முயற்சியில் கம்பி மேலே ஏறியது. ஏறிய நொடியில் கம்பியின் ஓரமாகக் கெட்டியான, பச்சை கலந்த மஞ்சள் சீழ் வழிந்து குடலுக்குள் இறங்கியது. எத்தனை முறை பார்த்தாலும் அறையில் எல்லோரும் ஒரு பெருமூச்சு விடும் தருணம் அது.

முதலில் அந்தச் சீழை ஊசிக்குழலால் உறிஞ்சி, கொஞ்சத்தைக் கல்ச்சருக்கு எடுத்து வைத்தோம். அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான சாயம், அதுவும் தேவைக்கு மட்டும். ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் குழாய்க்குள் சாயத்தை நிறையச் செலுத்தினால் கிருமிகளை நாமே ரத்தத்துக்குள் தள்ளிவிட்டது போலாகும். திரையில் சாயத்துக்கு நடுவே வட்டமாக ஒரு வெற்றிடம் தெரிந்தது. 13 மி.மீ. கல்.

வழக்கமாக இந்த இடத்தில் மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் வாசல் தசையைச் சிறிது வெட்டி, கல்லுக்கு மேலே ஒரு பலூனை ஊதிக் கீழே இழுப்பார்கள், அல்லது கம்பிக் கூடையில் பிடித்து வெளியே எடுப்பார்கள். சிறு கல்லாக இருந்து, தொற்றும் லேசாக இருந்தால் ஒரே தடவையில் எல்லாம் முடிந்துவிடும். நிறையப் பேருக்கு அப்படித்தான் முடிகிறது.

அம்மாவுக்கு டாக்டர் வெட்டவில்லை. குளோபிடோக்ரல் உடம்பில் இருக்கிறது, ஐஎன்ஆர் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, வெட்டினால் ரத்தம் நிற்காமல் போகலாம். தொற்று உள்ளவரைப் பெரிய கல்லோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி மயக்கத்தில் வைத்திருப்பதும் ஆபத்து. அதனால் கல்லின் பக்கமாக 7 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை ஏற்றி, ஒரு முனை கல்லுக்கு மேலேயும் மறு முனை குடலுக்குள்ளும் இருக்கும்படி வைத்தார். பானம் குடிக்கும் உறிஞ்சுகுழல் போன்றதுதான் அது, அகலம் மூன்று மி.மீ. சொச்சம். வைத்ததும் பித்தநீர் சொட்டத் தொடங்கியது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

வெளியே மகள் கேட்ட கேள்வி உங்களுக்குத் தெரியும். நான் சொன்னேன்: "உள்ளே தேங்கினதுதான் உயிருக்கு ஆபத்து, கல் இல்லை. தேங்கினது இறங்கிடுச்சு. கல்லைப் பிறகு நிதானமா எடுத்துக்கலாம்."

சில சமயம் ஸ்டென்ட்டுக்குப் பதிலாக மூக்கு வழியாக வெளியே வரும் நீண்ட குழல் வைப்பார்கள். பித்தநீர் எவ்வளவு வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம் என்பது அதன் நன்மை. குழப்பத்தில் இருப்பவர் அதைப் பிடுங்கிவிடுவார் என்பது அதன் தொல்லை. வாசலுக்குள்ளேயே நுழைய முடியாவிட்டால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்திக் குழல் வைப்பது அடுத்த வழி.

அன்று இரவும் மறுநாளும்

இஆர்சிபிக்குப் பிறகு அதிகம் வரும் சிக்கல் கணைய அழற்சி. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரலாம், பெரும்பாலும் லேசாக. இதைக் குறைக்க இண்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபெனாக் மருந்தை ஆசனவாய் வழியாக வைப்பது இப்போது வழக்கம். தொண்டை கரகரப்பு, காற்று ஏற்றியதால் லேசான உப்புசம் எல்லாம் சாதாரணம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலி நேரம் ஆக ஆகக் கூடுவதும், கூடவே வாந்தியும் சாதாரணம் அல்ல. உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். வயிறு பலகை போல இறுகினாலும், கழுத்தில் தோலுக்கு அடியில் நறநறவென்று காற்று இருப்பது போலத் தெரிந்தாலும் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். அது அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாதது.

தசையை வெட்டியவர்களுக்கு இன்னொன்று. ரத்தக்கசிவு வீட்டுக்குப் போய்ச் சில நாட்கள் கழித்துக்கூட வரலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, எழுந்தால் தலைசுற்றினாலோ திரும்ப வர வேண்டும்.

அம்மாவுக்கு அன்று மாலையே நடுக்கம் நின்றது. மறுநாள் காய்ச்சல் இல்லை, வெள்ளையணு 11,000க்கு வந்தது. பிலிருபின் மட்டும் இரண்டாம் நாள் 4.5 என்றது. "இன்னும் மஞ்சளாவே இருக்காங்களே" என்று மகளுக்குக் கவலை. அடைப்பு நீங்கினாலும் மஞ்சள் மெதுவாகத்தான் வடியும், கண் வெளுக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். எண் இறங்கிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ ஸ்டென்ட் அடைத்திருக்கலாம், நகர்ந்திருக்கலாம். வழி திறந்தபின் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் நான்கிலிருந்து ஏழு நாள் போதும்.

பலர் கோட்டை விடும் இடம்

காய்ச்சல் போய்விட்டது, பசி வந்துவிட்டது, வீட்டுக்குப் போயாச்சு. இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரம் அல்ல. வாரங்கள் போகப்போக அதற்குள் கசடு படிந்து அடையும். சுமார் மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். ஒன்றரை வருடம் கழித்து அதே நடுக்கத்தோடு வந்த ஒருவரின் ஸ்டென்ட்டைச் சுற்றிக் கல்லே வளர்ந்திருந்தது. ஸ்டென்ட் இருந்ததையே வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் தாளில் 'ஸ்டென்ட்' என்ற சொல் இருக்கிறதா, எடுக்க வேண்டிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

குழாயில் இருக்கும் கல்லை மாத்திரையால் கரைத்துவிடலாம் என்றும் காத்திருக்க வேண்டாம். அப்படி நம்பி இருக்க ஏற்ற மருந்து இல்லை.

அம்மாவுக்கு நான்கு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். இதய மருத்துவரிடம் கேட்டு, ஆஸ்பிரினைத் தொடர்ந்துகொண்டே குளோபிடோக்ரலை மட்டும் ஏழு நாள் முன்பு நிறுத்தினார்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதய ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது இஆர்சிபியில் பழைய ஸ்டென்ட்டை உருவிவிட்டு, வாசல் தசையைக் கொஞ்சம் வெட்டி, மீதியைப் பலூன் வைத்து 13 மி.மீ. வரை விரித்தார் டாக்டர். குழாயின் அகலத்தைத் தாண்டி விரித்தால் கிழியும், அதனால்தான் முதலிலேயே 15 மி.மீ. என்று அளந்து வைத்தது. கல் பலூனோடு இறங்கிக் குடலுக்குள் விழுந்தது. அதைத் தனியாக வெளியே எடுக்கத் தேவையில்லை, மலத்தோடு போய்விடும். வாசலைவிடப் பெரிய கல்லாக இருந்தால் கம்பிக் கூடையால் நசுக்கியோ, மெல்லிய கேமராவைக் குழாய்க்குள்ளேயே அனுப்பி லேசரால் உடைத்தோ எடுப்பார்கள். கடைசியாக மறுபடி சாயம் செலுத்திப் பார்த்ததில் குழாய் சுத்தம்.

பித்தப்பை நிறையக் கல் மிச்சம் இருக்கிறதே? அதில் ஒன்று நழுவினால் பழைய கதை திரும்பும். இஆர்சிபியில் பித்தப்பையைத் தொடுவதில்லை. அதற்கு லேப்ராஸ்கோப்பி அறுவைதான். மற்றவர்களுக்கு முடிந்தால் அதே சேர்க்கையில், இல்லையென்றால் இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது. அம்மாவுக்குக் கல் எடுத்த இரண்டாம் நாளே செய்துவிட்டார்கள். மாத்திரையை ஒரே தடவை நிறுத்தினால் போதும் என்பதற்காகத்தான் அந்தக் கணக்கு.

கிளம்பும் நாளில் மகள் என்னிடம் தாளை நீட்டி, "ஸ்டென்ட் எடுத்தாச்சுன்னு இதுல போட்டிருக்கா பாருங்க சிஸ்டர்" என்றார். போட்டிருந்தது, தேதியோடு.